தமிழும் மலையாளமும் கலந்த குரூப் மெசேஜைச் சுருக்கி எழுதுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் எந்த வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ஒரு மெசேஜ் தமிழில் இருக்கும், அடுத்தது மலையாளத்தில் இருக்கும், அதற்கடுத்தது இரண்டும் சேர்ந்து இருக்கும். பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. நாள் முழுக்க ஓடிய பேச்சை, பார்க்க நேரமில்லாதவர்களுக்காக ஒருவர் நாலு வரியில் சுருக்கிப் போடும்போதுதான் சிக்கல் வருகிறது. அப்படிச் சுருக்கி எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்களை நானே அமைத்தேன். எல்லாமே கால்வாய்த் தண்ணீர் பற்றியவை, ஏனென்றால் சித்தூர் வட்டத்தில் அதிகம் பேசப்படுவதும் தப்பாகப் புரிந்தால் நஷ்டம் வருவதும் அதில்தான்.

எனக்கு ரெண்டு மொழியும் தெரியும். படிச்சா புரியுது. அப்புறம் எதுக்கு இவ்வளவு கவனம்?

புரிந்துவிடுவதால்தான் கவனம் வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் நின்று யாரையாவது கேட்போம், அதனால் அங்கே தப்பு நடப்பதில்லை. தெரிந்த வார்த்தை மாதிரியே இருப்பது வந்தால் நிற்காமல் போய்விடுவோம். தமிழும் மலையாளமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம் என்பதால், ஒரு வாக்கியத்தில் பாதியை எந்த மொழியாக எடுத்துக்கொள்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. மூல மெசேஜில் சந்தேகமாக இருந்த விஷயம் சுருக்கத்தில் உறுதியான செய்தி ஆகிவிடும். சுருக்கத்தை மட்டும் படிக்கிறவருக்கு அங்கே ஒரு சந்தேகம் இருந்ததே தெரியாது.

எந்த வார்த்தைகள்ல அதிகமா ஏமாறுவோம்?

முதலில் 'வெள்ளம்'. மலையாளத்தில் அது சாதாரணத் தண்ணீர்தான். பெருக்கெடுத்து வருவதற்கு அவர்கள் சொல்வது 'வெள்ளப்பொக்கம்'. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பழக்கம். ஆனால் சுருக்கத்தைப் படிப்பவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பங்காளியாக இருந்தால், 'தோட்டத்துக்கு வெள்ளம் வந்தது' என்ற வரி அவரைப் பதற வைக்கும். அதற்காக வெள்ளம் என்று வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் என்று மாற்றிவிடவும் முடியாது. 'வீட்டில் வெள்ளம் கேறி' என்று மலையாளத்தில் எழுதியிருந்தால், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் என்ன வினை இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது 'மற்றன்னாள்'. பார்த்தால் நம் 'மறுநாள்' மாதிரியே இருக்கும், ஆனால் அது நாளைக்கு மறுநாள். ஒரே ஒரு நாள் வித்தியாசம்தான். மடை திறக்கிற நாளில் அது பெரிய வித்தியாசம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயமானது: 'பற்றில்ல'. மலையாளத்தில் இதற்கு 'முடியாது' என்று அர்த்தம். குரூப்பில் இதை 'பத்தில்ல' என்றும் 'பட்டில்ல' என்றும் அடிப்பார்கள். தமிழ்க் கண்ணுக்கு அது 'பத்தல', அதாவது போதவில்லை என்று தெரியும். 'கூடுதல் வெள்ளம் பற்றில்ல' என்றால் அதிகத் தண்ணீர் தர முடியாது என்கிற மறுப்பு. அதையே பத்தவில்லை என்று படித்தால், தண்ணீர் குறைவாக வருகிறது என்கிற புகார் ஆகிவிடும். இரண்டுமே அந்த இடத்தில் பொருந்துகிற பேச்சு என்பதால், தப்பாகப் படித்தது நமக்கே தெரியாது.

'திவசம்' (நாள்), 'அவசரம்' (வாய்ப்பு) போன்றவற்றில் அவ்வளவு ஆபத்து இல்லை. தமிழ் அர்த்தத்தில் படித்தால் வாக்கியமே ஒட்டாது, அதனால் நாமே நின்று யோசிப்போம்.

வார்த்தையெல்லாம் சரியா மாத்தினாலும் அர்த்தம் போகுமா?

போகும். அதிகம் போவதே அங்கேதான். வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள்.

தமிழில் 'கொடுத்தேன்', 'கொடுத்தார்', 'கொடுத்தோம்' என்று வினையே ஆளைச் சொல்லிவிடும். இன்றைய மலையாளத்தில் அப்படி இல்லை. 'கொடுத்து' என்றால் நானா, நீயா, அவரா, அவர்களா என்று அந்தச் சொல்லில் இருந்து தெரியாது. எழுவாயைத் தனியாகச் சொன்னால்தான் உண்டு, அவசரமாக அடிக்கிற மெசேஜில் அதைச் சொல்ல மாட்டார்கள். 'பைசா அடச்சு' என்று ஒருவர் எழுதினால் பணம் கட்டியாயிற்று என்பது மட்டும் உறுதி. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் 'கட்டினேன்', 'கட்டினார்', 'கட்டினோம்' என்று ஏதோ ஒரு வால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மூலத்தில் இல்லாத ஓர் ஆளை நாமே உள்ளே கொண்டுவந்துவிட்டோம். இதைத் தவிர்க்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. 'பணம் கட்டியாயிற்று (யார் கட்டியது என்று இல்லை)' என்று எழுதுங்கள். 'ஆயிற்று', 'நடந்தது', 'பேச்சு' என்று முடிகிற வாக்கியங்கள் ஆளைச் சொல்லாமலே நிற்கும்.

'வரும்' என்பதிலும் இதே கதைதான். 'நாளெ வரும்' என்று மலையாளத்தில் எழுதினால் வரப்போவது தண்ணீராகவும் இருக்கலாம், என்ஜினியராகவும் இருக்கலாம். தமிழில் 'நாளைக்கு வரும்' என்றால் மனிதர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது 'ஆம்' என்கிற முடிவு. தமிழில் 'தருவாங்களாம்' என்றால் கேள்விப்பட்ட செய்தி, சொல்கிறவர் அதற்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை. மலையாளத்தில் 'தராம்' என்றால் பெரும்பாலும் 'நான் தருகிறேன்', அதாவது பேசுகிறவரே ஒத்துக்கொள்வது. தமிழ்க் காதுக்கு இந்த 'தராம்' ஒன்று வதந்தி மாதிரி கேட்கும், இல்லாவிட்டால் 'தரலாம்' மாதிரி கேட்கும். ஒருவர் கொடுத்த வாக்கு, சுருக்கத்தில் 'தரலாம்' என்கிற அரைமனசாக மாறிவிடும். எதிர்ப்பக்கம் போகிறபோதும் இதே ஆபத்து உண்டு. தமிழர் எழுதிய 'லீவாம்' என்பதில் இருக்கிற அந்தச் சின்ன 'ஆம்' சுருக்கத்தில் விழுந்துவிட்டால், கேள்விப்பட்டது உறுதியான செய்தியாகிவிடும். மலையாளத்தில் இந்த வேலையைச் செய்வது 'த்ரே' என்கிற முடிவு. 'வந்நத்ரே' என்றால் வந்ததாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: 'தரணே'. இது வேண்டுகோள், 'கொடுத்துடுங்க, சரியா' என்கிற மாதிரி. நம் 'தரணும்' போல இருப்பதால் சுருக்கத்தில் கட்டளையாகப் போய் உட்கார்ந்துவிடும்.

ஒரு பேச்சை முழுசா எடுத்துச் செஞ்சு காட்ட முடியுமா?

முதலில் பின்னணி. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக 1970-ல் இரண்டு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஆழியாற்றுத் தண்ணீரில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். அது சித்தூர்ப் புழையில் வந்து, மூலத்தறையில் இருந்து கால்வாய்களுக்குப் பிரியும். ஆக, இந்த குரூப்பில் எத்தனை நாள், எப்போது, யார் சொன்னது என்கிற மூன்றும்தான் உயிர். கீழே இருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை மாலைப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். மலையாளத்தையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

ஒன்று: 'அண்ணா, தண்ணி எப்போ விடுவாங்கன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?'
இரண்டு: 'மூலத்தறையில் விளிச்சு. மற்றன்னாள் துறக்கும் என்னு பறஞ்ஞு.'
மூன்று: 'ஆபீசர் லீவாம். ரெண்டு நாள் தள்ளிப் போகுமாம்.'
நான்கு: 'ஏழு திவசம் தராம் என்னா பறஞ்ஞது. அதில் கூடுதல் பற்றில்ல.'
ஐந்து: 'ஏழு நாள் பத்தாதுங்க. கடைமடைக்கு வந்து சேரவே மூணு நாள் ஆகும்.'
ஆறு: 'மோட்டார் ரிப்பேரின்டெ பைசா அடச்சு. பாக்கி உள்ளவர் நாளெ தரணே.'
ஏழு: 'நான் சனிக்கிழமை வந்து தர்றேன் ட்டோ.'

அவசரத்தில் எழுதினால் சுருக்கம் இப்படித்தான் வரும்: 'மறுநாள் தண்ணீர் திறக்கிறார்கள். அதிகாரி லீவு என்பதால் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. ஏழு நாள் தரலாம் என்கிறார்கள், ஆனால் அது பத்தாது. மோட்டார் ரிப்பேர் பணத்தைக் கட்டிவிட்டோம், பாக்கி உள்ளவர்கள் நாளைக்குக் கட்டாயம் தர வேண்டும்.'

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை புதன்கிழமை ஆகிவிட்டது. லீவு என்கிற கேள்விப்பட்ட செய்தி உறுதியாகிவிட்டது. ஏழு நாள் தருவதாகக் கொடுத்த வாக்கு தளர்ந்துவிட்டது. 'அதற்கு மேல் முடியாது' என்கிற மறுப்பும் 'பத்தாது' என்கிற விவசாயியின் குறையும் ஒன்றாகக் கலந்து, மறுப்பு காணாமலே போய்விட்டது. பணம் கட்டியது 'நாம்' என்றாகிவிட்டது. சனிக்கிழமை தருகிறேன் என்றவர் விடுபட்டே போனார்.

நான் எழுதுவதாக இருந்தால்:

'தண்ணீர்: மூலத்தறைக்குப் போன் செய்ததில், வியாழக்கிழமை திறப்பதாகச் சொன்னார்களாம் (பேசியது யாரிடம் என்று இல்லை). அதிகாரி லீவு, இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று இன்னொருவர் கேள்விப்பட்டிருக்கிறார். இது உறுதியாகவில்லை. ஏழு நாள் தருவதாக வாக்கு வந்திருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்றும் சொல்லியாயிற்று. கடைமடைக்குத் தண்ணீர் வரவே மூன்று நாள் ஆகும், ஏழு நாள் போதாது என்று நம்மில் ஒருவர் எழுதியிருக்கிறார். பணம்: மோட்டார் ரிப்பேர் பணம் கட்டியாயிற்று (கட்டியவர் பெயர் இல்லை). பாக்கி வைத்திருப்பவர்கள் புதன்கிழமை தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.'

முதலில் எழுதியதை விட நீளம்தான். அதைக் குறைக்க நினைத்தால் ஐந்தாவது மெசேஜின் விவரத்தைக் குறைக்கலாம். 'கேள்விப்பட்டிருக்கிறார்', 'முடியாது', 'பெயர் இல்லை' என்கிற சொற்களில் கை வைக்காதீர்கள். அவைதான் இந்தச் சுருக்கத்தைப் பயன்படும்படி வைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாளை, மற்றன்னாள் எல்லாவற்றையும் கிழமையாக மாற்றியிருக்கிறேன். சுருக்கத்தை மக்கள் அடுத்த நாளும் படிப்பார்கள். புதன்கிழமை படிக்கிறவருக்கு 'நாளை' என்றால் வியாழன். மெசேஜ் வந்த நாளைப் பார்த்துக் கிழமை போட்டுவிட்டால் இரண்டு மொழியின் நாள் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

சுருக்கத்தைத் தமிழ்ல போடறதா, மலையாளத்துல போடறதா?

யார் படிக்கப் போகிறார்களோ அவர்கள் மொழியில். குரூப்பில் இரு தரப்பும் இருந்தால் இரண்டிலும் போடுங்கள். ஆனால் தமிழ்ச் சுருக்கத்தை எழுதிவிட்டு அதையே மலையாளத்தில் மாற்றாதீர்கள். இரண்டையும் மூல மெசேஜில் இருந்து தனித்தனியாக எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது இல்லாத ஆள் உள்ளே வந்துவிடுவார் என்று மேலே சொன்னேன். மலையாளத்தில் எழுதும்போது இருக்கிற ஆள் வெளியே போய்விடுவார். 'தர்றேன்' என்பதை வெறும் 'தராம்' என்று போட்டால், சொன்னது யார் என்று மெசேஜ் அனுப்பியவர் பெயரைப் பார்த்துத்தான் தெரியும். சுருக்கத்தில் அந்தப் பெயர் இருக்காது. அதனால் ஆளைச் சேர்த்து எழுத வேண்டும். அதே போல 'லீவாம்' என்பதை 'லீவாணு' என்று போட்டுவிடாமல் 'லீவாணத்ரே' என்று போட வேண்டும். ஒரு சுருக்கத்தில் இருந்து இன்னொன்றை எழுதினால் இந்த இரண்டு வகைத் தப்பும் சேர்ந்துகொள்ளும்.

'நாங்க', 'நாம' வித்தியாசத்தையும் விடாதீர்கள். 'நாங்க கட்டிட்டோம்' என்றால் 'ஞங்ஙள்', 'நாம கட்டணும்' என்றால் 'நம்மள்'. பணம் பற்றிய பேச்சில் இது மாறினால் அடுத்த நாள் சண்டைதான்.

மலையாளத்துல எழுதறவங்க மெசேஜ் மரியாதை இல்லாத மாதிரி இருக்கு. 'கோபமா சொன்னார்'னு எழுதலாமா?

வேண்டாம். நம் 'வாங்க', 'சொல்லுங்க' என்பதில் இருக்கிற 'ங்க' அவர்கள் வினையில் இல்லை. அதனால் 'நாளெ தா' என்பது நமக்கு வெட்டென்று கேட்கும். பழகியவரிடம் அங்கே அது சாதாரணம். மரியாதையும் இணக்கமும் 'சேட்டா', 'சேச்சி' என்று கூப்பிடுவதிலும், கடைசியில் வருகிற 'ட்டோ', 'கேட்டோ' என்பவற்றிலும் இருக்கும். இந்த 'கேட்டோ' நம் 'கேட்டீங்களா' இல்லை. 'சரியா', 'பார்த்துக்கோங்க' என்கிற மென்மை அது. சுருக்கத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாக்கியம் வேண்டுகோளாகவே முடிய வேண்டும். உண்மையில் கோபமாகவே எழுதியிருந்தால் அந்த வரியை அப்படியே மேற்கோளில் போட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா என்ன பண்றது?

மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. வரம், வாரம், 'வருகிறேன்' என்கிற மலையாள 'வராம்' மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். 'பற்றில்ல', 'பத்தல' குழப்பமும் இங்கே இரட்டிப்பாகிவிடும். அந்த ஒரு சொல்லை மட்டும் பார்க்காமல், அதே ஆள் முன்னால் போட்ட மெசேஜ்களை இரண்டு மூன்று பாருங்கள். ஒருவர் பெரும்பாலும் எந்த மொழியில் வினையை முடிக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். பெயர்ச்சொற்கள் எந்த மொழியில் இருந்தாலும் கவலை இல்லை. வினை முடிகிற மொழிதான் அந்த வாக்கியத்தின் மொழி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

எந்த வார்த்தைகளை மாத்தாம அப்படியே விடணும்?

அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் அதை மாற்றாதீர்கள். கிருஷி பவனை 'வேளாண் அலுவலகம்' என்று எழுதினால், படிக்கிறவர் அந்தப் பெயரில் போர்டைத் தேடிக்கொண்டு நிற்பார். வில்லேஜ் ஆபீஸ், கரம் அதாவது வரி அடைத்த ரசீது இவையும் அப்படித்தான். 'அடச்சு' என்பதை மட்டும் கவனியுங்கள். கரமோ பைசாவோ பக்கத்தில் இருந்தால் கட்டியாயிற்று, கால்வாயோ ஷட்டரோ பக்கத்தில் இருந்தால் மூடியாயிற்று.

எழுதி முடிச்சப்புறம் எப்படிச் சரிபார்க்கறது?

மூல மெசேஜ்களில் இருக்கிற வினைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். செய்தது யார், முடிந்ததா இனிமேலா, பார்த்ததா கேள்விப்பட்டதா என்று ஒவ்வொன்றிலும் கேளுங்கள். மூலத்தில் பதில் இல்லாத கேள்விக்குச் சுருக்கத்தில் பதில் இருந்தால் அது நீங்கள் சேர்த்தது. மூலத்தில் பதில் இருந்து சுருக்கத்தில் இல்லை என்றால் அது நீங்கள் விட்டது. வீட்டில் மலையாளம் மட்டும் படிக்கிறவரும் தமிழ் மட்டும் படிக்கிறவரும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு சுருக்கத்தையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, 'தண்ணி என்னைக்கு? யார் பணம் தரணும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் மாறினால் மாறிய இடத்தை மட்டும் திருத்தினால் போதும்.

சந்தேகமா இருக்கு, அனுப்பினவர் போனும் எடுக்கலை. என்ன பண்ணலாம்?

அவர் எழுதிய சொல்லை அப்படியே மேற்கோளில் போட்டு, இரண்டு அர்த்தத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: 'கூடுதல் பத்தில்ல' என்று எழுதியிருக்கிறார், அதிகம் தர முடியாது என்பதாகவும் இருக்கலாம், போதவில்லை என்பதாகவும் இருக்கலாம், கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் புதிய மெசேஜ் போடாமல் அந்தச் சுருக்கத்தையே திருத்துங்கள். திருத்த நேரம் கடந்துவிட்டால் பழையதை எல்லோருக்கும் அழித்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள். பழையது குரூப்பில் கிடந்தால், அதை யாராவது வேறு குரூப்புக்குத் தள்ளிவிடுவார்கள்.